தேத்தண்ணிக் கடை, சவுண்ட் பொக்ஸ், ஒரு சிறுகதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர் ஃபோனில் அனுப்பும் காசு வரும்போதெல்லாம் அதைத் தெருவுக்கே கூவிச் சொல்லும் ஒரு சவுண்ட் பொக்ஸ். நல்ல கரு. ஆனால் எழுத உட்கார்ந்ததும் பலர் செய்கிற முதல் தவறு, பெட்டிக்குத் தெரியாததையெல்லாம் அதன் வாயில் போட்டுவிடுவது. யார் வந்தார், என்ன குடித்தார், எத்தனை வடை தின்றார் என்று அது சொல்லாது. சொல்வது தொகை மட்டும்தான். பணம் கணக்குக்குக் கணக்கு போகிறது, வங்கிப் பக்கத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு ஒரு செய்தி வருகிறது, அதைத்தான் அது வாசிக்கிறது. சிக்னல் இல்லாவிட்டால் காசு வந்தபிறகும் பெட்டி பேசாமல் இருக்கும்.

அடுத்தது, "ஒவ்வொரு விற்பனையையும் சொல்கிறது" என்று எழுதிவிட்டு அதை அப்படியே நம்பிவிடுவது. வன்னியில் உள்ளூர்க் கடையொன்றில் தாள்காசும் கடன் கொப்பியும்தான் இன்னும் பெரும்பங்கு. அந்த இரண்டைப் பற்றியும் பெட்டி வாயே திறக்காது, திருப்பிக் கொடுத்த காசைப் பற்றியும்தான். தெரு கேட்பது வரவில் ஒரு துண்டு மட்டும், ஆனால் கேட்கிற சனம் அதையே முழுக் கணக்காக எடுத்துக்கொள்ளும். கதை இருப்பது அந்த இடைவெளியில்தான், அதை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு வேடிக்கைப் பொருள் மட்டும்.

எப்படி என்று பாருங்கள். காலையில் கிழமைக் கடன் தவணையை அறவிட வந்த நுண்கடன் கம்பனிப் பொடியனிடம் கடைக்காரர், "இந்தக் கிழமை யாவாரம் இல்லைத் தம்பி" என்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. பின்னேரம் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் பிளேன்ரீயும் பணிஸும் எடுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் பண்ணுகிறார். ஒட்டின கியூஆரில் தொகையை வாடிக்கையாளரே தட்ட வேண்டும். நூறு ரூபாவுக்கு ஒரு பூச்சியம் கூடிவிடுகிறது. "ஆயிரம் ரூபா கிடைத்தது" என்கிறது பெட்டி. கடைக்காரர் லாச்சியைத் திறந்து தொள்ளாயிரத்தை எண்ணிக் கொடுக்கிறார். அது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கொப்பிக் கடனை ஃபோனில் தீர்க்கிறார்: "இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபா கிடைத்தது." பக்கத்து வீட்டு விறாந்தையில் இன்னொருவரின் தவணைக்குக் காத்திருக்கும் கம்பனிப் பொடியன் மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறான், மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது. உண்மையில் அந்த நேரத்து விற்பனை நூறு ரூபாதான். கடன் தீர்த்த காசு எப்போதோ குடித்து முடித்த தேத்தண்ணிக்கானது, அதற்கான சீனியும் பால்மாவும் அன்றைக்கே வாங்கி முடிந்தாயிற்று. லாச்சியில் தொள்ளாயிரம் குறைந்துவிட்டதால் விடிய வரும் பாண்காரனுக்குக் கொடுக்கத் தாள்காசும் இல்லை, வங்கியில் இருக்கிறது என்றாலும் ஏ.டி.எம். இருக்கும் ரவுணுக்கு பஸ் எடுத்துப் போக வேண்டும். இனி அந்தப் பொடியன் கடைக்குள் வந்து என்ன கேட்பான், கடைக்காரர் கொப்பியைத் திறந்து காட்டுவாரா, காட்டினால் அதில் கடன்பட்டிருக்கும் அயலவர்களின் பெயர்களும் சேர்ந்து வெளியே வருமே. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த சிக்கல் இதுதான்.

கடையை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் பிழை விடுகிறார்கள். ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வைத்தால் பெட்டி கத்திக்கொண்டேயிருக்கும், ஒருவருக்கும் அது ஒரு பொருட்டாக இராது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வாகனம் ஏறிப் போகிறவர்களுக்குக் கடைக்காரரைத் தெரியாது. அவரையும் அவருடைய கடனையும் தெரிந்த காதுகள் வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே ஓர் ஊர்ச் சந்தி சரியாக இருக்கும்.

கடைசியாக, கவனமான வாசகர் கட்டாயம் கேட்கும் கேள்வி: சத்தம் இவ்வளவு இடைஞ்சல் என்றால் அவர் ஏன் அதைக் குறைக்கவில்லை? பெட்டியிலேயே பொத்தான் இருக்கிறது. இதற்குப் பதில் வைக்காமல் விட்டால் கதை முழுக்க ஆட்டம் காணும். பதில் ஒன்றும் கஷ்டமானதில்லை. காசு அனுப்பின மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டி யாரோ முன்பு ஏமாற்றியிருக்கலாம், இந்தப் பெட்டி கடைகளுக்கு வந்ததற்கே அதுதான் ஒரு பெரிய காரணம். அல்லது தேத்தண்ணி ஆற்றும் இரண்டு கையும் ஓயாததால் அவருக்கு ஃபோனைப் பார்க்க நேரமில்லை, பின்னால் கோப்பை கழுவும் மனைவிதான் கேட்டுக் கணக்கு வைக்கிறார். எதை எடுத்தாலும் கம்பனிப் பொடியன் வருவதற்கு முன்பே அதைக் காட்டிவிடுங்கள். பிறகு சொன்னால் சாட்டுச் சொல்கிற மாதிரி இருக்கும்.