குழந்தைப் பூட்டின் பின் எண் மறந்துவிட்டதா? செய்யக்கூடாத சில தவறுகள்

தொலைக்காட்சியில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்காக என்றோ வைத்த ரகசியப் பின் எண் நினைவுக்கு வராதபோது பலரும் செய்யும் முதல் தவறு, எந்தப் பின் எண் கேட்கப்படுகிறது என்று பாராமலேயே தெரிந்த எண்களையெல்லாம் அழுத்திப் பார்ப்பதுதான். ஒரே தொலைக்காட்சியில் செட்டாப் பாக்ஸுக்கு ஒரு பின் எண், தொலைக்காட்சிப் பெட்டிக்கே ஒன்று, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே ஒன்று என்று இருக்கக்கூடும். திரையில் தெரியும் கட்டங்களை எண்ணினாலே பாதிக் குழப்பம் தீரும். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 4 இலக்கம், அமேசான் பிரைம் வீடியோ கேட்பது 5 இலக்கம். ஐந்து கட்டங்களுக்கு முன்னால் அமர்ந்து நான்கு இலக்க ஏடிஎம் எண்ணை நினைவுகூர்வதால் பயன் எதுவும் இல்லை. தவறான எண்ணைத் தொடர்ந்து அழுத்தினால் சில பெட்டிகளும் செயலிகளும் சிறிது நேரம் எதையுமே ஏற்காமல் பூட்டிக்கொள்ளும் என்பதால், ஓரிரு முயற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது. நெட்ஃபிளிக்ஸில் பின் எண் உங்கள் தொலைக்காட்சியில் சேமிக்கப்படுவதில்லை. கணக்கோடு சேர்ந்து நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஆகவே செயலியை எத்தனை முறை நிறுவினாலும், புதிய தொலைக்காட்சியே வாங்கினாலும், அதே ப்ரொஃபைல் அதே எண்ணைத்தான் கேட்கும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாலும் பின் எண் மாறாது. இரண்டும் வேறு வேறு.

அப்பாவின் ப்ரொஃபைல் பூட்டியிருக்கிறது, எண் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி அல்லது கணினியின் பிரவுசரில் netflix.com தளத்துக்குள் நுழைந்து அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் எண் கேட்கும் திரை வரும். அதிலுள்ள "Forgot PIN?" என்பதை அழுத்தி, கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் புதிய எண்ணை அமைத்துக்கொள்ளலாம். கணக்குப் பக்கத்தில் அந்த ப்ரொஃபைலுக்குரிய "Profile Lock" என்ற பகுதிக்குச் சென்றும் இதைச் செய்யலாம். பூட்டே வேண்டாம் என்றால் அங்கேயே நீக்கிவிடலாம். பாஸ்வேர்டும் மறந்திருந்தால், பதிவு செய்த மின்னஞ்சல் வழியாக அதை முதலில் மீட்ட பிறகே இந்த இடத்துக்கு வர முடியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிள்ளையின் ப்ரொஃபைலில் வைத்த வயது வரம்பு தனி அமைப்பு, பூட்டை நீக்குவதால் அது நீங்காது, பூட்டு இருப்பதால் அது தானாக வந்துவிடுவதும் இல்லை.

பிரைம் வீடியோவிலும் கணக்கு அமைப்புகளில்தான் எண்ணை மாற்ற வேண்டும். ஆனால் ஃபயர் டிவி கருவியின் கட்டுப்பாடுகள் அந்தக் கருவியிலேயே தனியாக அமைக்கப்படுபவை. கட்டுப்பாடுகளை இணையதளத்தில் மாற்றிவிட்டு, கருவியில் ஏன் வேலை செய்யவில்லை என்று திகைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

செட்டாப் பாக்ஸின் கதை வேறு. இங்கே நடக்கும் பெரிய தவறு ஃபேக்டரி ரீசெட். பல பெட்டிகள் அதைச் செய்வதற்கும் அதே பின் எண்ணைத்தான் கேட்கும். கேட்காத பெட்டிகளில், சேமித்த சேனல் வரிசையும் சில வகைகளில் பதிவு செய்த நிகழ்ச்சிகளும் அழிந்துபோகலாம். பூட்டை யாரும் மாற்றியதே இல்லை என்றால், பெட்டியோடு வந்த கையேட்டில் தொடக்க எண் அச்சிடப்பட்டிருக்கும். 0000 அல்லது 1234 ஆக இருப்பதே வழக்கம். அது பலிக்காவிட்டால், பதிவு செய்த கைப்பேசி எண்ணிலிருந்து நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். கேபிள் இணைப்பென்றால் உங்கள் ஆபரேட்டரிடமே கேட்கலாம். டிடிஎச் நிறுவனங்கள் பலவும் ரீசெட் கட்டளையைச் செயற்கைக்கோள் வழியாகவே உங்கள் பெட்டிக்கு அனுப்புகின்றன. அந்த நேரத்தில் பெட்டி இயக்கத்தில் இருந்து, படம் ஒழுங்காக வந்துகொண்டிருக்க வேண்டும். கோரிக்கை வைத்துவிட்டுப் பெட்டியை அணைப்பவர்கள் மறுநாளும் பழைய பூட்டையே காண்பார்கள்.

பணத்தையே இழக்க வைக்கும் தவறு, வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைப்பது. போலி எண்களைப் பரப்பிவைப்பது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. பெட்டியின் உதவித் திரையிலோ நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் செயலியிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பின் எண்ணை மாற்றுவதற்கு யாரும் உங்கள் கைப்பேசித் திரையைப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே ஏதேனும் ஒரு செயலியை நிறுவச் சொன்னாலோ, பத்து ரூபாய் கட்டணம் என்று லிங்க் அனுப்பினாலோ, உங்கள் வங்கி அனுப்பிய ஓடிபியைக் கேட்டாலோ உடனே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இத்தனை வழிகளும் பதிவு செய்த கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ நம்பியே இருக்கின்றன. இணைப்பு வாங்கியபோது கொடுத்த எண்ணை இப்போது யாரும் வைத்திருக்கவில்லை என்றால், பின் எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன், அடையாளச் சான்றைக் காட்டி அந்த எண்ணை மாற்றுவதே முதல் வேலை.