ப்ராஜெக்ட் மேனேஜர் ரெஸ்யூமே: சான்றிதழும் பட்ஜெட் பொறுப்பும் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிக்காக நானே ஓர் அறிவிப்பையும் ஒரு ரெஸ்யூமேயையும் உருவாக்கிக்கொண்டேன். அறிவிப்பு ஒரு ஐடி சேவை நிறுவனத்துடையது. அதில் இரண்டு நிபந்தனைகள்: "பிஎம்பி சான்றிதழ் கட்டாயம். குறைந்தது 2 கோடி ரூபாய் பட்ஜெட்டுக்குப் பொறுப்பேற்ற அனுபவம் வேண்டும்." பிஎம்பி என்பது பிஎம்ஐ என்ற அமைப்பு ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்குத் தரும் சான்றிதழ்.

படி 1: ரெஸ்யூமேயைத் திறக்கும் முன் ஆள் கேட்ட மேனேஜரிடம் கேளுங்கள்

"கட்டாயம்" என்பதைச் சிலர் பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார்கள். பிரின்ஸ்2 பிராக்டிஷனர் என்ற வேறொரு சான்றிதழ் வைத்திருப்பவர் வந்தால் பரவாயில்லையா, பட்ஜெட் பொறுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இரண்டே கேள்வி போதும். நம் உதாரணத்தில் பிஎம்பிதான் வேண்டும், செலவுக்கு ஒப்புதல் வாங்கி அதற்குப் பதில் சொன்னவராக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: சான்றிதழ்

ரெஸ்யூமேயில் "பிஎம்பி" என்ற சொல்லை மட்டும் தேடிப் பார்த்துத் திருப்திப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன். "பிஎம்பி பயிற்சி, 35 மணி நேரம்" என்று இருந்ததைச் சான்றிதழ் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அந்த 35 மணி நேரப் படிப்பு, தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தேவையான தகுதிகளில் ஒன்று; அவ்வளவுதான். அதோடு திட்டங்களை நடத்திய அனுபவத்தையும் காட்டி, தேர்வில் தேறினால்தான் பிஎம்பி. அதே பிஎம்ஐ அமைப்பு தரும் சிஏபிஎம் என்பது தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கான வேறு சான்றிதழ். இரண்டும் ஒன்றல்ல.

நம் ரெஸ்யூமேயில் "பிஎம்பி, மார்ச் 2021" என்று இருக்கிறது. சரி, ஆனால் இதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. பிஎம்பி 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் 60 பிடியூ எனப்படும் கற்றல் புள்ளிகளைச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இவர் 2024 மார்ச்சில் ஒருமுறை புதுப்பித்திருந்தால்தான் 2027 மார்ச் வரை செல்லும். எனவே வாங்கிய தேதியை விட முடியும் தேதியே நமக்கு முக்கியம்.

பிஎம்ஐ இணையதளத்தில் சான்றிதழ் பெற்றவர்களைப் பெயர் வைத்துத் தேடலாம். நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ரெஸ்யூமேயில் இனிஷியலோடு இருக்கும் பெயர், சான்றிதழில் அப்பா பெயரை விரித்து எழுதியபடி இருக்கலாம். தேடலில் வரவில்லை என்பதற்காகப் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். சான்றிதழ் எண்ணையோ டிஜிட்டல் பேட்ஜின் இணைப்பையோ அவரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 3: பட்ஜெட்

கஷ்டமான இடம் இதுதான். ரெஸ்யூமேயில் இரண்டு வேலைகள் இப்படி இருக்கின்றன:

> 2022 முதல்: 12 கோடி ரூபாய் மதிப்புள்ள வங்கித் திட்டத்தின் ப்ராஜெக்ட் மேனேஜர். மாதாந்திரச் செலவு அறிக்கை தயாரித்தல்.
>
> 2019–2021: கிடங்கு மென்பொருள், நிலையான விலை ஒப்பந்தம். 2.4 கோடி ரூபாய் மதிப்பீடு தயாரித்து ஒப்புதல் பெற்றேன். மாற்றக் கோரிக்கைகளுக்காகக் கூடுதலாக 18 லட்சம் பெற்று, 2.51 கோடியில் முடித்தேன்.

12 கோடி கண்ணைப் பறிக்கும். ஆனால் அது திட்டத்தின் மதிப்பு. இவர் கையில் இருந்த பணம் அல்ல. ஐடி சேவை நிறுவனங்களில் பெரிய திட்டத்தின் வரவு செலவு பெரும்பாலும் டெலிவரி மேனேஜர் கையில் இருக்கும். ப்ராஜெக்ட் மேனேஜர் யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்ற கணக்கைத் தொகுத்துக் கொடுப்பார். "அறிக்கை தயாரித்தல்" என்ற வினையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. மணிக்கணக்கில் பில் போடும் ஒப்பந்தமாக இருந்தால், செலவு கூடினாலும் அதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரே கொடுத்துவிடுவார், மேனேஜருக்கு வலிக்காது.

இரண்டாவது வேலை சிறியது, ஆனால் சான்று அங்கேதான் இருக்கிறது. விலை நிலையானது என்பதால் செலவு மீறினால் நிறுவனத்துக்கே நட்டம். மதிப்பீடு இவருடையது, கூடுதல் பணம் கேட்டு வாங்கியவரும் இவர். கணக்கும் ஒத்துப்போகிறது: 2.4 கோடியும் 18 லட்சமும் சேர்ந்து 2.58 கோடி, முடித்தது 2.51 கோடி, அதாவது 7 லட்சம் மிச்சம். சொந்தமாகக் கணக்குப் பார்த்தவர்தான் பெரும்பாலும் இப்படி எழுதுவார். எண் ஒன்றுகூட இல்லாமல் "பட்ஜெட் மேலாண்மை" என்று திறன் பட்டியலில் மட்டும் வந்தால் அதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: போனில் இரண்டு கேள்வி, அப்புறம் குறிப்பு

வங்கித் திட்டத்தைப் பற்றி இப்படிக் கேளுங்கள்: "உங்களிடம் கேட்காமல் அந்தத் திட்டத்தில் யாராவது ஒரு லட்சம் செலவு செய்திருக்க முடியுமா?" அடுத்தது: "செலவு மீறப்போகிறது என்று முதலில் எப்போது தெரிந்தது, யாரிடம் போய்ச் சொன்னீர்கள்?" பொறுப்பில் இருந்தவர் ஒரு குறிப்பிட்ட மாதத்தையும் ஒரு சங்கடமான மீட்டிங்கையும் சொல்வார். மற்றவர்கள் "டீமாகச் சேர்ந்து கவனித்தோம்" என்பார்கள்.

ஆள் கேட்ட மேனேஜருக்கு வெறும் மதிப்பெண்ணை அனுப்பாதீர்கள், இப்படி எழுதுங்கள்:

> பிஎம்பி: 2021இல் பெற்றது. முடிவுத் தேதி கேட்டிருக்கிறேன். வராமல் நேர்காணல் வேண்டாம்.
>
> பட்ஜெட்: 2.4 கோடிக்கு முழுப் பொறுப்பு, 2019–2021. இப்போதைய 12 கோடித் திட்டத்தில் அறிக்கை மட்டும் என்றே தெரிகிறது. அதாவது பணப் பொறுப்பு கடைசியாக இருந்தது 2021இல்.