சிக்கிள் செல் எலும்பு வலி: ரத்த அடைப்பா, சீழ்த்தொற்றா?

சிக்கிள் செல் நோயுள்ள பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே கடும் வலி, கொஞ்சம் வீக்கம், 38.5 டிகிரி காய்ச்சல், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவும் உயர்ந்திருக்கிறது. பார்த்தவுடன் எலும்பில் சீழ் பிடித்துவிட்டது, அதாவது ஆஸ்டியோமைலிடிஸ் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்து, எலும்பின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போனாலும் இதே காய்ச்சலும் வீக்கமும் வரும். இவர்களிடம் தொற்றைவிட இந்த அடைப்புதான் பல மடங்கு அதிகம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுக்காமலேயே ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது. மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மண்ணீரல் சரியாக வேலை செய்யாத இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். முதல் டோஸுக்கு முன் ரத்தத்தை எடுத்துவிட்டால் போதும். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? அடைப்பு வலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே குறையும். அதைப் பார்த்து, "மருந்துக்குக் கேட்டது, அப்போ தொற்றுதான்" என்று முடிவாகிவிடும். பையன் தேவையே இல்லாமல் பல வாரம் மருந்தேற்றிக்கொள்வான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியடையக் கூடாது. தொற்றே இருந்தாலும் முதல் பத்துப் பதினான்கு நாட்களுக்கு அது சாதாரணமாகவே தெரியலாம். எம்.ஆர்.ஐ.யில் மஜ்ஜையில் நீர்கோத்திருப்பது இரண்டுக்குமே பொது, அதை மட்டும் வைத்துச் சீழ் என்று சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில் எலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீர் தேங்கியிருந்தால் தொற்றின் சந்தேகம் கூடும். ஆனால் அடைப்பிலும் நீர் சேரலாம் என்பதால், ஊசியால் அதை உறிஞ்சிக் கல்ச்சருக்கு அனுப்புவதே தீர்வு. ஒரே இடத்தில் வலி, நாள்கணக்கில் தணியாத காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் தயங்காமல் உறிஞ்சிப் பார்க்க வேண்டும்.

தொற்றுதான் என்று சந்தேகித்தால் எலும்புத் தொற்றில் வழக்கமாகக் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை மட்டும் குறிவைக்கும் மருந்து போதாது. சிக்கிள் செல்லில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் முக்கியமான குற்றவாளி, இரண்டையும் எதிர்க்கும் மருந்து வேண்டும்.

அப்புறம், இடுப்பு. தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்தமில்லாமல் சாகும்போது வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும், சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலை மட்டும் படமெடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதால்தான் இது தாமதமாகத் தெரிகிறது. மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அங்கே வலித்தாலோ இறுக்கமாக இருந்தாலோ, எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். எடுக்கும்போது இரண்டு இடுப்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள், வலிக்காத பக்கமும் கெட்டிருப்பது அரிதல்ல.