மூன்று இதழுக்கு 2π எதற்கு?

வேளச்சேரியில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் r = 2cos 3θ என்ற மூன்று இதழ் பூ வடிவ வளைவைப் பார்த்ததும் 0 முதல் 2π வரை தொகையிட்டு, பரப்பு 2π என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை π. θ = π ஆகும்போதே மூன்று இதழும் வரைந்து முடிந்துவிடும், அதற்கு மேல் r குறி மாறி அதே இதழ்கள் மேல் இன்னொரு சுற்று ஓடும், சூத்திரத்தில் r² இருப்பதால் அந்தக் குறி கண்ணில் படாது.

அதனால் ஒரே ஒரு இதழைப் பிடியுங்கள். r = 0 ஆகும் அடுத்தடுத்த இரண்டு கோணங்கள் −π/6, π/6. இவற்றுக்கு இடையே மட்டும் தொகையிட்டால்:

½∫4cos² 3θ dθ = π/3

அப்புறம் மூன்றால் பெருக்கினால் π. cos 2θ என்றால் நான்கு இதழ், அதற்கு 2π முழுவதும் வேண்டும்.