கோபுரத்தை ஒட்டி நின்ற கறுப்புத் தொட்டி

மதுரையில் ஒரு விடுதி மொட்டைமாடியிலிருந்து தெற்குக் கோபுரத்தை மாலையில் எடுத்தேன். படத்தில் கோபுரத்தை உரசினாற்போல் பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. போட்டோஷாப்பில் அதைச் சுற்றி வளைத்து, சுற்றியுள்ளதைப் பார்த்துத் தானே நிரப்பும் Content-Aware Fill கொடுத்தேன். தொட்டி போனது, அந்த இடத்தில் அரைக் கோபுரம் ஒன்று முளைத்தது!

அதை அழித்துவிட்டு, புதிய லேயரில் ஹீலிங் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். அதுவும் சரிவரவில்லை. அது சுற்றியுள்ள நிறத்தைக் கலக்கும் கருவி. கோபுர விளிம்பைத் தொட்டதும் வானத்தில் அழுக்குத் தீற்றல் விழுந்தது.

அப்புறம்தான் வழி புரிந்தது. கோபுர விளிம்பையும் கைப்பிடிச் சுவரின் மேல்கோட்டையும் பென் டூலால் வரைந்து, வானம் மட்டும் தெரிவாகும்படி செய்தேன். தெரிவின் ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் 1 பிக்சல்தான். உள்ளே, ஓரிடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப், Sample: Current & Below. மாலை வானம் கீழே போகப்போக வெளுக்கும். அதனால் மாதிரியை அதே உயரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுத்தேன். மேலிருந்து எடுத்தால் திட்டு தெரியும். விளிம்பிலிருந்து தள்ளியிருந்த இடத்தில் மட்டும் ஹீலிங் பிரஷ்.

தொட்டி மறைத்திருந்த சுவர்த் துண்டுக்கு, அதே சுவரின் இடப்பக்கத்தை நகலெடுத்து மேல்கோட்டோடு பொருத்தினேன். 200 சதவீதத்தில் பார்த்தபோது ஒரே கறை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை அழித்தேன்.