திருகோணமலைக் கலியாணத்துக்கு விலை சொன்ன முறை

யாழ்ப்பாணத்திலிருந்து வெளியூர்க் கலியாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் செய்யப் போகும்போது, எல்லாத்தையும் சேர்த்து ஒரே தொகை சொன்னால் நட்டம் வானிலும் அறையிலும்தான் வரும். நான் இப்ப விலையைக் கூலி ஒண்டு, பயண, அறைச் செலவு ஒண்டு எண்டு இரண்டாகப் பிரித்துக் குடுக்கிறன்.

திருகோணமலையில் காலை 7 மணி முகூர்த்தம் என்று வைப்பம். முகம், தலைச்சோடனை, சேலைக்கட்டு மூன்றுக்கும் மூன்று மணித்தியாலம் வேணும். விடிய 3 மணிக்குத் தொடங்க வேணுமெண்டால் முதல்நாளே போய்த் தங்க வேணும். உதவிப்பிள்ளைகளுக்கும் ஒருநாள் இல்லை, இரண்டு நாள் போகுது. கூறை மாத்திற நேரம் ஒராள் சேலைக்கும் ஒராள் தலைக்கும் நிக்க வேணும். அதால பிள்ளைகளை இரண்டு பேருக்குக் கீழ குறைக்க ஏலாது.

உதாரணத்துக்கு: அலங்காரக் கூலி 60,000 ரூபா. இரண்டு பிள்ளைகளுக்கு நாளுக்கு 6,000 வீதம் 24,000. வான், எண்ணெய், சாரதியின் இரவுப்படி சேர்த்து 45,000. அறை இரண்டு, 20,000. மொத்தம் 1,49,000. அறையை வீட்டுக்காரர் தந்தால் அந்த 20,000ஐக் கழித்துவிடுறன். கூலியில் கை வைக்கிறதில்லை. பயண, அறைக் காசு முழுக்க முற்பணம், கூலியில் பாதி.

சாமான்களில் லிப்ஸ்டிக், கிறீம் வகைகளை குளிர்ப்பெட்டியில் என்ரை காலடியில் வைப்பன். பூட்டின வானின் வெக்கையில் லிப்ஸ்டிக் வேர்த்தால் பூசேக்க திட்டுத்திட்டாய் நிக்கும். ரிங் லைட்டைத் துணியால் சுத்தி, நிமிர்த்தி வைக்க வேணும். அறையில் பிளக் எத்தனை எண்டதை முதலே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.