மேலிருந்து எடுத்த படத்தில் நிலவடிவத்தை அடையாளம் காண்பது எப்படி?

செயற்கைக்கோள் படத்தைத் திறந்ததும் வடிவத்தைத் தேடாதீர்கள், முதலில் நிழலைத் தேடுங்கள். வெளிச்சம் படத்தின் மேல்பக்கத்திலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் படமெடுக்கின்றன. கடகரேகைக்கு வடக்கே ஆண்டின் பெரும்பகுதியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். வடக்கை மேலே வைத்த படத்தில் அது கீழ்ப்பக்கத்து வெளிச்சம். அதனால் பள்ளத்தாக்கு மலைமுகடு போலவும், முகடு பள்ளம் போலவும் தெரியும். ஆறு ஒன்று முகட்டின் மேல் ஓடுவதாகத் தோன்றினால் உங்கள் கண் ஏமாந்துவிட்டது என்று பொருள். படத்தை 180 பாகை திருப்புங்கள், சரியாகிவிடும்.

மேடு பள்ளம் தெளிவானபின், எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் சாய்வு என்று பாருங்கள். காற்றோ நீரோ எந்தப் பக்கம் வேலை செய்தது என்பது அதில்தான் தெரியும்.

மணற்குன்று

பெரு நாட்டின் தெற்கே லா ஜோயா சமவெளியைக் கூகுள் எர்த்தில் திறந்தால் பிறை பிறையாகக் குன்றுகள் தெரியும். இவை பர்கான் எனும் பிறை வடிவ மணற்குன்றுகள். காற்று வரும் பக்கம் சாய்வு குறைவு. அதில் மணல் துள்ளித் துள்ளி ஏறி உச்சியில் சேர்கிறது. சேர்ந்தது தாங்காத அளவுக்கு வந்ததும் மறுபக்கம் சரிகிறது. அந்தச் சரிவு சுமார் 30 முதல் 34 பாகைக்கு மேல் நிற்காது. காய்ந்த மணலை ஒரு தட்டில் மெதுவாகக் கொட்டினால் அதே கோணத்தில்தான் குவியும். குன்றின் இரு ஓரங்களிலும் மணல் குறைவு, எனவே அவை நடுப்பகுதியைவிட வேகமாக நகர்ந்து கொம்புகளாக முன்னே நீள்கின்றன. ஆகவே பர்கானின் கொம்புகள் காட்டுவது காற்று போகும் திசை. லா ஜோயாவில் காற்று தெற்கிலிருந்து வீசுகிறது, கொம்புகளும் வடக்குப் பக்கமாகவே நீண்டிருக்கும். பழைய ஆண்டுகளின் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் குன்று இடம் பெயர்வதும் தெரியும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். கடற்கரையோரம் செடிகொடி உள்ள இடங்களில் பரவளைய வடிவக் குன்றுகள் உண்டு. அதில் செடிகளின் வேர் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னேறுகிறது. எனவே அதன் கொம்புகள் காற்று வரும் பக்கம் பார்க்கும், பர்கானுக்கு நேர் எதிர்! கொம்பை மட்டும் நம்பாதீர்கள். செங்குத்துச் சரிவு பிறையின் உள்வளைவில் இருந்தால் பர்கான், வெளிவளைவில் இருந்தால் பரவளையக் குன்று.

ஆற்று வளைவு

வளைவில் நீர் வெளிக்கரையோரம் வேகமாகப் போய் அரிக்கிறது. உள்கரையில் வேகம் குறைந்து மணலைப் போடுகிறது. படத்தில் உள்கரை வெளிர் மணல் திட்டாகவும், வெளிக்கரை கூர்மையான விளிம்பாகவும் தெரியும். மணல் திட்டே தெரியவில்லை என்றால் வெள்ளக்காலப் படமாக இருக்கலாம், கோடைப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

வளைவு மிகுந்து கழுத்து குறுகினால் ஒரு வெள்ளத்தில் ஆறு அதை வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். விடுபட்ட வளைவே குருட்டு ஆறு, குதிரைக் குளம்பு ஏரி என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றோரம் உள்ள சிக்காட் ஏரி அப்படிப்பட்டது. அந்தப் பகுதியில் வரைபடத்தின் மாநில எல்லைக்கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு விலகிப் போன பின்னும் எல்லை பல இடங்களில் பழைய வளைவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

டெல்டா

ஆறு பிரிகிறதா, சேர்கிறதா என்பதுதான் கேள்வி. கடலை நோக்கிப் போகப்போகக் கிளைகள் பிரிந்துகொண்டே போனால் டெல்டா. கடலருகே நீரின் வேகம் குறைய, வண்டல் படிந்து வழியை அடைக்க, ஆறு வேறு வழி தேடும். காவிரியில் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், அடுத்துக் கல்லணையில் வெண்ணாறு பிரிவதையும் பின்தொடர்ந்து பழகலாம். கல்லணைக் கால்வாயைக் கிளையாறு என்று எண்ணிவிடாதீர்கள். மனிதர் வெட்டிய கால்வாய் நீண்ட தூரம் ஒரே அகலத்தில் போகும், அதில் மணல் திட்டுகள் இருக்காது. மலையடிவாரத்தில் இதே விசிறி வடிவம் தெரிந்து, அகன்ற பக்கத்தில் கடலோ ஏரியோ இல்லையென்றால் அது டெல்டா அல்ல, வண்டல் விசிறி.

கடல் ஓங்கல்

ஓங்கல் என்பது கடலோரம் செங்குத்தாக நிற்கும் பாறைச் சரிவு. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் கோடாகத்தான் தெரியும். எனவே பக்கவாட்டுப் படம் தேடுங்கள். அலை பாறையின் அடியைக் குடைகிறது, தாங்கல் இழந்த மேற்பகுதி உடைந்து விழுகிறது, ஓங்கல் பின்வாங்குகிறது. அடியில் குடைவு, விழுந்த பாறைக் குவியல், நீர்மட்டத்தில் தட்டையான பாறைத் தளம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருக்கும். கேரளத்தின் வர்க்கலையில் அலை மட்டும் காரணமல்ல. மேலே உள்ள செம்புரைப் பாறை வழியே மழைநீர் இறங்கிச் சரிவின் இடையில் ஊற்றாகக் கசிகிறது. அதனால் அலை எட்டாத உயரத்திலும் மண் சரிந்த தழும்புகள் இருக்கும். அவற்றைக் கண்டால் கடலின் வேலை என்று முடிவுகட்டாமல், ஈரக்கறை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.